விசிட் விசாவுக்கு அழைப்புக் கடிதம்: செலவை யார் ஏற்பதாக எழுதுவது?

வெளிநாட்டில் குடியிருக்கும் ஒருவர் தன் அக்காவையோ அப்பாவையோ கொஞ்ச நாளைக்கு வரவழைக்க அழைப்புக் கடிதம் எழுத உட்காரும்போது, பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண் வரைக்கும் பேனா தடையில்லாமல் ஓடும். நிற்பது ஒரே இடத்தில்தான்: வருகிறவருடைய செலவு யாருடையது? "எல்லாச் செலவும் என் பொறுப்பு" என்று எழுதினால்தான் விசா கிடைக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி எழுதிவிட்டு நாளைக்கு அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் பில் நம் தலையில் விழும், எதற்கு வம்பு என்று இன்னும் சிலர் பயமுறுத்துவார்கள். இருவர் சொல்வதும் சில நாடுகளுக்குச் சரி, சில நாடுகளுக்குத் தப்பு. அதனால் கடிதத்தை எழுதுவதற்கு முன் எந்த வகைக் கடிதம் என்பதைத் தீர்மானிப்பதுதான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் நிரப்பல்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், "தங்க இடமும் சாப்பாடும் என் வீட்டில், டிக்கெட்டும் மற்றச் செலவும் அவருடையது" என்று எழுதுகிறோம். இரண்டாவது வழியில், சாதாரணக் கடிதத்திலேயே டிக்கெட், தங்கல், கைச்செலவு, காப்பீடு எல்லாவற்றையும் நாம் ஏற்பதாக எழுதி, அதற்கான வருமானச் சான்றுகளை இணைக்கிறோம். மூன்றாவது, நாம் எழுதும் கடிதமே இல்லை. அரசு அலுவலகம் கொடுக்கும் படிவத்தில், அவர்கள் முன்னிலையில் அல்லது அவர்கள் சொல்கிற முறையில் கையெழுத்துப் போட்டு, சட்டப்படி பொறுப்பேற்பது.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதில் நமக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சில நாடுகளில் அது நம் கையிலேயே இல்லை. அமெரிக்காவின் சுற்றுலா, குடும்பச் சந்திப்பு விசாவுக்கு, அதாவது பி-2 விசாவுக்கு, அழைப்புக் கடிதமே தேவையில்லை என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே சொல்கிறது. கொண்டுபோனாலும் விசா கொடுப்பதா மறுப்பதா என்று முடிவுசெய்ய அதைக் கணக்கில் எடுப்பதில்லை. குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றுதான் அதிகாரி ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது நேர்காணலில் நிற்கிற விண்ணப்பதாரரின் வேலை. தம்பியின் சம்பளம் அங்கே ஒன்றும் செய்யாது. ஆகவே அமெரிக்காவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்புகிற உழைப்பை மிச்சம் பிடித்து, அக்காவை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தலாம்.

மறுபக்கம் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள். அங்கே அழைக்கிறவர் செலவை ஏற்பதாகவோ வீட்டில் தங்கவைப்பதாகவோ சொன்னால், நம் சொந்தக் கடிதத்தோடு விஷயம் முடியாது, அலுவலகப் படிவம் வேண்டும். கனடாவும் பிரிட்டனும் நடுவில் இருக்கின்றன. கடிதத்தை நம் வார்த்தையிலேயே எழுதலாம், முதல் வழியா இரண்டாவதா என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். யோசித்து எழுத வேண்டிய இடம் அதுதான் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

விசா அதிகாரி ஒரு கோப்பைப் பிரிக்கும்போது அவருக்கு இரண்டு கேள்விகள் இருக்கும். இவர் சொன்ன தேதியில் திரும்பிப் போவாரா? இங்கே இருக்கிற நாட்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அழைப்புக் கடிதம் பதில் சொல்லக்கூடியது இரண்டாவது கேள்விக்குத்தான். முதல் கேள்விக்குப் பதில் விண்ணப்பதாரரின் வேலை, விடுப்புக் கடிதம், அவரை நம்பி ஊரில் இருக்கிற குடும்பம், சொத்து, முன்பு போய்வந்த பயணங்கள் இவற்றில்தான் இருக்கிறது. "என் அக்கா கண்டிப்பாகத் திரும்பிவிடுவார், அதற்கு நான் உத்தரவாதம்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்கு எடை கிடையாது. இன்னொரு மனிதர் என்ன செய்வார் என்பதற்குத் தம்பி எப்படி உத்தரவாதம் தர முடியும் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். அதற்குப் பதிலாக, "ஜூன் 3ஆம் தேதி திரும்புகிறார், ஜூன் 8ஆம் தேதி வேலையில் சேர வேண்டும், விடுப்புக் கடிதம் அவருடைய விண்ணப்பத்தில் இருக்கிறது" என்று எழுதினால் அது சரிபார்க்கக்கூடிய செய்தி.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவில் நிரந்தர வசிப்புரிமையோடு இருக்கும் தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர் அழைப்பது 52 வயதுள்ள அக்காவை. அக்கா ஒரு பள்ளியில் கணக்கராக வேலை பார்க்கிறார், கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் ஊரில் இருக்கிறார்கள். விடுப்பு மே 4 முதல் ஜூன் 7 வரை, பயணம் மே 6 முதல் ஜூன் 3 வரை, 28 இரவுகள். அக்காவின் வங்கிக் கணக்கில் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம் இருக்கிறது. டிக்கெட்டுக்கும் கைச்செலவுக்கும் போதும், ஒரு மாதம் ஓட்டலில் தங்க நிச்சயமாகப் போதாது.

தம்பிக்கு வருகிற முதல் யோசனை, "எல்லாம் நானே" என்று எழுதிவிடுவது. பாசத்தில் வருகிற யோசனை, தப்பில்லை. ஆனால் கோப்பாகப் பார்த்தால் அது அக்காவைப் பலவீனப்படுத்துகிறது. வேலை இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, அப்படியும் ஒரு டிக்கெட்கூட வாங்க முடியாதவரா என்ற கேள்வி எழும். அக்காவின் விண்ணப்பப் படிவத்திலோ பயணச் செலவுக்குத் தன்னிடம் இவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு தொகை நிரப்பியிருக்கும். கடிதம் ஒன்று சொல்ல, படிவம் வேறொன்று சொல்ல, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை என்று தோன்றும். அதற்கும் மேல், எல்லாச் செலவையும் ஏற்றவுடன் தம்பியின் நிதி நிலைமையும் முழுவதுமாகச் சோதனைக்கு வந்துவிடுகிறது. நாலு பேர் சாப்பிடும் வீட்டில், வீட்டு வாடகையும் கார்க் கடனும் போய்க்கொண்டிருக்கும் கணக்கில், மாதக் கடைசியில் ஏதும் மிஞ்சவில்லை என்றால் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வரி வெறும் வரிதான்.

இந்த வீட்டுக்கு முதல் வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. கடிதத்தின் பணப் பகுதியை இப்படி எழுதலாம்:

"என் அக்கா மே 6 முதல் ஜூன் 3 வரை மேலே குறிப்பிட்ட என் வீட்டில் தங்குவார். வீட்டில் மூன்று படுக்கையறைகள் உள்ளன, ஒன்று அவருக்கு ஒதுக்கப்படும். அந்த நாட்களில் அவருடைய உணவுச் செலவையும் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவையும் நான் ஏற்கிறேன். விமான டிக்கெட், பயணக் காப்பீடு, சொந்தச் செலவுகள் ஆகியவற்றை அவர் தன் சேமிப்பிலிருந்து ஏற்கிறார். என் வேலை உறுதிக் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் இணைக்கப்பட்டுள்ளன."

அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அறை ஒதுக்கப்படும் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், உணவுச் செலவுக்குச் சம்பளச் சீட்டு, டிக்கெட்டுக்கு அக்காவின் வங்கி அறிக்கை. தாள் இல்லாத வாக்கியம் இருந்தால் ஒன்று தாளைத் தேடுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் கடிதத்தைத் தூதரகம் ஏற்கிற மொழியில்தான் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழில் யோசித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பணத்தைத் தவிரக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கனடாவின் குடிவரவுத் துறை வரிசையாகவே சொல்லிவைத்திருக்கிறது. அது மற்ற நாடுகளுக்கும் நல்ல அளவுகோல். அழைக்கப்படுகிறவரைப் பற்றி: முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், நமக்கு என்ன உறவு, எதற்காக வருகிறார், எத்தனை நாள் இருப்பார், எங்கே தங்குவார், செலவு எப்படி, எப்போது கிளம்புவார். அழைப்பவரைப் பற்றி: முழுப்பெயர், பிறந்த தேதி, அங்குள்ள முகவரியும் தொலைபேசியும், என்ன வேலை, குடியுரிமையா நிரந்தர வசிப்புரிமையா, அதற்கான ஆவணத்தின் நகல், குடும்பத்தில் இருப்பவர்களின் பெயரும் பிறந்த தேதியும். கடைசியில் சொன்ன குடும்ப விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அக்கா வருவதற்கும் என் பிள்ளையின் பிறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இருக்கிறது: அந்தச் சம்பளத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

எதற்காக வருகிறார் என்ற வரியையும் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும். "குடும்பத்தைப் பார்க்க" என்பது போதுமான காரணம்தான், ஆனால் 28 நாளுக்கு ஏன் 28 நாள் என்று புரிகிற மாதிரி ஒரு வரி சேர்த்தால் நல்லது. வீட்டுப் புகுவிழா, குழந்தையின் பிறந்தநாள், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, எது உண்மையோ அது. ஒரு எச்சரிக்கை: "என் மனைவி வேலைக்குப் போவதால் அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்" என்று வெள்ளந்தியாக எழுதிவிடாதீர்கள். தம்பி பிள்ளைகளோடு நேரம் செலவிடுவது வேறு, ஆள் வைக்க வேண்டிய வேலைக்கு உறவினரை வரவழைப்பது வேறு. பிரிட்டனில் குடும்பத்தைப் பார்க்க வருகிறவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வருகையின் நோக்கம் உண்மையில் குடும்பத்தைப் பார்ப்பதாக இருக்க வேண்டும், அது வேலையாகிவிடக் கூடாது. கடிதத்தில் தவறான இடத்தில் அந்த வரி விழுந்தால் நாமே சந்தேகத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகும்.

சரி, இரண்டாவது வழி எப்போது? வருகிறவருக்குச் சொந்த வருமானம் இல்லாதபோது. அதே தம்பி ஓய்வுபெற்ற அப்பாவை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓய்வூதியமும் இல்லை. இங்கே "டிக்கெட்டை அப்பாவே வாங்குகிறார்" என்று எழுதினால்தான் சந்தேகம் வரும். முழுச் செலவையும் தம்பி ஏற்பதாக எழுதுவது நேர்மை, அதுதான் பொருத்தம். ஆனால் இந்த வழிக்குப் போகிறவர் வருமானத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது, செலவுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைக் காட்ட வேண்டும். மூன்று முதல் ஆறு மாத வங்கி அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வருவதும், செலவு போக ஒரு தொகை தங்குவதும் தெரிந்தால் அது நம்பத்தகுந்தது. விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நண்பரிடம் கடன் வாங்கி ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போட்டு வைப்பது பல பேர் செய்கிற காரியம். அறிக்கையைப் படித்துப் பழகியவருக்கு அது ஒரு நொடியில் கண்ணில் படும், கண்ணில் பட்டபின் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். உண்மையிலேயே சொத்து விற்றோ போனஸ் வந்தோ பெரிய தொகை வந்திருந்தால், அதன் ஆவணத்தைச் சேர்த்து கடிதத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

பிரிட்டனில் மூன்றாம் நபர் செலவை ஏற்கும்போது விதி கேட்பது இவை: அழைப்பவருக்கும் வருகிறவருக்கும் இடையே உண்மையான உறவு இருக்க வேண்டும், அழைப்பவர் அங்கே சட்டப்படி இருக்க வேண்டும், வருகிற நாட்கள் முழுவதும் செலவைத் தாங்க அவரால் முடிய வேண்டும், அவர் தாங்கவும் செய்வார் என்று தெரிய வேண்டும். "முடியும்", "செய்வார்" இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். முடியும் என்பதற்கு வங்கி அறிக்கை. செய்வார் என்பதற்கு என்ன சான்று? ஏற்கெனவே அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீதுகளைவிட நல்ல சான்று கிடையாது. உறவையும் அதுவே காட்டும், பழக்கத்தையும் அதுவே காட்டும். இதை இணைப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

கனடாவின் சூப்பர் விசாவில் இரண்டாவது வழியைத் தவிர வேறு வழி இல்லை. பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் நீண்ட காலம் தங்கவைப்பதற்கான விசா இது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். அதற்கான கடிதத்தில், இருக்கிற காலம் முழுவதும் பண உதவி செய்வதாக மகனோ மகளோ, பேரனோ பேத்தியோ எழுதிக் கையெழுத்திட வேண்டும், வீட்டில் உள்ளவர்களின் பட்டியலும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும், குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானத்தைக் காட்டவும் வேண்டும். குறைந்தது ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும், காப்பீட்டுத் தொகை ஒரு லட்சம் கனடிய டாலராவது இருக்க வேண்டும். அப்பா ஆறு வாரம் வந்து போகத்தான் போகிறார் என்றால் இதற்குள் போகாமல் சாதாரண விசிட் விசாவே போதும், அதில் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அடிக்கடி, நீண்ட நாள் வந்து தங்குவார் என்றால் சூப்பர் விசாவின் சுமை தகும்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம்: எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமா? கனடாவுக்கு எழுதும் சாதாரண அழைப்புக் கடிதம், வந்தவருக்கு நம்மைச் சட்டப்படி பொறுப்பாளியாக்குவதில்லை என்று அரசே சொல்கிறது. அதே மூச்சில், நல்ல மனதோடு உண்மையை எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. மாட்டிக்கொள்வது பொறுப்பேற்றதால் அல்ல, பொய் எழுதியதால். பொய்யின் விலையை அனுபவிப்பது பெரும்பாலும் அழைத்தவர்கூட இல்லை, விண்ணப்பித்தவர். கனடாவில் பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டு நுழைவுத் தடை, பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டு வரை மறுப்பு. தம்பி தன் வேலையைப் பற்றி ஊதிப் பெருக்கி எழுதிய ஒரு வரி அக்காவின் பாஸ்போர்ட்டில் போய் விழும். வேலை போய்விட்டதை மறைத்து பழைய சம்பளச் சீட்டை இணைப்பது இந்த வகையில்தான் வரும்.

மூன்றாவது வழியில் அந்தப் பயம் நியாயமானது. ஜெர்மனியில் குடியிருப்புச் சட்டத்தின் 66 முதல் 68 வரையுள்ள பிரிவுகளின் கீழ் தரும் பொறுப்பேற்பு உறுதிமொழியை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய்த் தர வேண்டும். சம்பளச் சான்றுகளைப் பார்த்து, தாங்கக்கூடியவரா என்று சோதித்து, அதைப் படிவத்திலேயே குறித்துக் கொடுப்பார்கள். அதில் கையெழுத்திட்டவர் உணவு, தங்கல் மட்டும் ஏற்கவில்லை. வந்தவருக்கு அரசுப் பணத்தில் மருத்துவம் பார்க்க நேர்ந்தால், அவர் போக மறுத்து வெளியேற்ற நேர்ந்தால், அந்தச் செலவையும் அரசு கையெழுத்திட்டவரிடமிருந்து வசூலிக்கலாம். சுவிட்சர்லாந்தில் இதே மாதிரி உறுதிமொழிக்கு 30,000 ஃபிராங்க் என்று உச்ச வரம்பு உண்டு. ஆகவே இந்த நாடுகளில் பயணக் காப்பீடு என்பது விசாவுக்காகக் காட்டும் தாள் மட்டும் அல்ல. இவை உட்பட ஐரோப்பிய நாடுகள் பல ஒரே விசாவுக்காகச் சேர்ந்திருக்கும் ஷெங்கன் ஏற்பாட்டின் விதி கேட்பது 30,000 யூரோ காப்பீடு. வருகிறவருக்கு வயதாகியிருந்தால், இதய நோயோ சர்க்கரையோ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அந்தப் பாலிசி பணம் தருமா என்று படித்துப் பார்ப்பது கையெழுத்துப் போடுகிறவரின் சொந்தப் பணத்தைக் காப்பாற்றும் விஷயம். விலை குறைந்த பாலிசிகள் பலவற்றில் அது விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. அங்கே வீட்டில் தங்கவைக்கிறவர் தன் நகரசபையில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். 30 யூரோ வரிமுத்திரை கட்டணம், சான்று மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. நகரசபை பார்ப்பது பெரும்பாலும் வீட்டை: இத்தனை பேர் இருக்கிற வீட்டில் இன்னொருவர் முறையாகத் தங்க இடம் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் வீட்டை வந்து பார்க்கவும் செய்யலாம். ஓர் அறை வீட்டில் நாலு பேர் இருந்துகொண்டு அப்பா அம்மா இருவரையும் மூன்று மாதத்துக்கு அழைத்தால் சிக்கல் அங்கேதான் வரும், சம்பளத்தில் அல்ல. வருகிறவர் தன் செலவைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அதை ஏற்பதாகவும் அந்தப் படிவத்திலேயே ஒரு உறுதி இருக்கிறது. மூலப் பிரதியைத்தான் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும், அதனால் தபாலில் போய்ச் சேர ஆகும் நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் சாதாரணக் கடிதம், சட்டப்படியான பொறுப்பேற்பு இரண்டுக்கும் கதவு திறந்திருக்கிறது, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க நல்ல உதாரணம் அதுதான். 600 என்ற விசிட்டர் விசாவில் சுற்றுலாப் பிரிவும் இருக்கிறது, உறவினர் பொறுப்பேற்கும் குடும்பப் பிரிவும் இருக்கிறது. சுற்றுலாப் பிரிவில் அக்கா தானே விண்ணப்பித்து, தம்பியின் சாதாரணக் கடிதத்தைத் துணைக்கு வைக்கலாம். குடும்பப் பிரிவில் தம்பி முறைப்படி பொறுப்பாளராகிறார், அரசு பிணைத்தொகை கட்டச் சொல்லலாம், வந்தவர் அங்கேயிருந்தபடி வேறு விசாவுக்கு மாற முடியாதபடி நிபந்தனை போடப்படும். அவர் நிபந்தனையை மீறினால் பிணைத்தொகை போகும், தம்பி அடுத்த சில ஆண்டுகளுக்கு வேறு யாரையும் அந்தப் பிரிவில் அழைக்க முடியாமலும் போகலாம். நம் உதாரணத்து அக்காவுக்கு வேலையும் சேமிப்பும் திரும்ப வேண்டிய காரணமும் இருப்பதால் சுற்றுலாப் பிரிவையே முயல்வேன். திரும்பி வருவதைக் காட்ட அதிகம் ஒன்றும் இல்லாத, முன்பு மறுக்கப்பட்ட உறவினருக்குத்தான் பிணையோடு கூடிய பிரிவு யோசிக்கத்தக்கது.

எந்த வழியை எடுத்தாலும் தடுக்கி விழுகிற சில இடங்கள் பொதுவானவை. முதலாவது உறவு. பெரியம்மா மகளை நாம் வாழ்க்கை முழுக்க அக்கா என்றே கூப்பிட்டிருப்போம், கடிதத்திலும் "என் அக்கா" என்று எழுதிவிடுவோம். படிவத்தில் பெற்றோர் பெயர்களைப் பார்க்கிற அதிகாரிக்கு இருவருக்கும் பெற்றோர் வேறு வேறு என்று தெரியும்போது, உறவே பொய்யோ என்று தோன்றும். "என் அம்மாவின் மூத்த சகோதரியின் மகள்" என்று விரித்து எழுதி, நம் பிறப்புச் சான்று, அவருடைய பிறப்புச் சான்று, இரண்டு அம்மாக்களும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று காட்டும் ஆவணம் என்ற சங்கிலியை முழுதாக வையுங்கள். பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், இப்படி ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு மூன்று ஆள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மற்ற ஆவணங்களில் இருப்பதும் இதே நபர்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தேதிகள். கடிதம், விண்ணப்பம், விடுப்புக் கடிதம், காப்பீடு, டிக்கெட் முன்பதிவு எல்லாம் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். ஷெங்கன் நாடுகளில் வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் தங்கிய நாளாகவே எண்ணப்படும், அதனால் 28 இரவுகள் என்பது 29 நாள். 180 நாளில் 90 நாள் என்ற வரம்பைத் தொடுகிற மாதிரி திட்டமிடுகிறவர்கள் இந்த ஒரு நாளில்தான் இடறுவார்கள். விசா இன்னும் வராதபோது டிக்கெட்டைப் பணம் கட்டி வாங்கிவிட வேண்டாம், முன்பதிவோ பயணத் திட்டமோ போதும்.

மூன்றாவது அழைப்பவரின் சொந்த நிலை. வேலை அனுமதியிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் உறவினரை அழைக்கவே முடியாது என்பது பரவலான தப்பெண்ணம். சாதாரணக் கடிதத்துக்குப் பல நாடுகளில் அது தடையில்லை. ஆனால் நம் அனுமதி அக்கா வருகிற நாட்களைத் தாண்டி செல்லுபடியாக வேண்டும். மே மாதம் வருகிறார், நம் கார்டு ஏப்ரலில் முடிகிறது என்றால் புதுப்பிப்புக்கு விண்ணப்பித்த ரசீதையும் இணைக்க வேண்டும். சூப்பர் விசா, ஆஸ்திரேலியாவின் குடும்பப் பிரிவு போன்றவற்றில் மட்டும் அழைப்பவரின் தகுதி கறாராக வரையறுக்கப்பட்டிருக்கும்.

நோட்டரி முத்திரை வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தூதரகத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் இருந்தால் வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். நோட்டரி உறுதிப்படுத்துவது கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதைத்தான், உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதை அல்ல. கனடாவில் சில விசா அலுவலகங்கள் கேட்கும், நெதர்லாந்தில் பொறுப்பேற்புப் படிவத்தின் கையெழுத்தை நகராட்சியில் உறுதிசெய்ய வேண்டும். கேட்காத இடத்தில் முத்திரைக்குச் செலவழித்த பணம் கோப்புக்கு எடை சேர்க்காது.

கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் போதும். தேதி, கையெழுத்து, பகலில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். கையெழுத்திட்ட பிரதியை அக்காவின் கைப்பையில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் அல்ல, ஏனென்றால் பெட்டி வருவதற்கு முன்பே எல்லையில் குடிவரவு அதிகாரி முன் நின்றாக வேண்டும். எத்தனை நாள், எங்கே, யார் வீட்டில் என்று அவரும் கேட்பார், சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எண்ணுக்கே கூப்பிடுவார். தம்பியும் அக்காவும் கடிதத்தை ஒரு தடவை சேர்ந்து படித்திருக்க வேண்டும், 28 நாள் என்று எழுதியிருக்க, அங்கே நின்று "ரெண்டு மூணு மாசம் இருக்கலாம்னு" என்று அக்கா சொல்லாமல் இருக்க. விசா வந்தபிறகு பயணத் தேதி மாறிவிட்டால் புது விண்ணப்பம் பெரும்பாலும் தேவைப்படாது, விசாவின் செல்லுபடிக்காலத்துக்குள் இருந்தால் போதும். ஆனால் புதுத் தேதிகளோடு ஒரு புதுக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, பழையதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். காப்பீட்டின் தேதியையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.